பாடம் சொன்னவளே கேள்வியும் கேட்டாள்

எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டின் கடைசியில் என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் மட்டும் மீதமிருந்தது. முடிவுகளை முந்தைய ஆய்வுகளோடு பொருத்திப் பார்த்து, நம் ஆய்வின் குறைகளையும் சொல்ல வேண்டிய டிஸ்கஷன் அத்தியாயம் அது. ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு மேடம் கையெழுத்துப் போட்டால்தான் பைண்டிங்குக்குக் கொடுக்க முடியும்.

எங்கள் விடுதியில் அந்த அத்தியாயத்துக்கு ஓர் அச்சு இருந்தது. சீனியர்களின் ஆய்வேடுகளை நூலகத்தில் பிரித்து வைத்துக்கொள்வோம். முதலில் நோக்கம், அடுத்து நம் முடிவு, அதன் கீழே 'இம்முடிவை இன்னாரின் ஆய்வும் ஆதரிக்கிறது' என்று ஒரு பத்தி. கடைசியில் குறைகள்: ஒரே மருத்துவமனை, குறைந்த எண்ணிக்கை, குறுகிய காலம். எந்த ஆய்வேட்டைத் திறந்தாலும் அதே மூன்று குறைகள். எதையும் வரிசைப்படுத்தி யோசிக்கும் பழக்கம் உள்ள எனக்கு அந்த அச்சு பிடித்திருந்தது.

கர்ப்பப்பை அகற்றும் அறுவைக்கு வரும் பெண்களின் பயத்தைப் பற்றியது என் ஆய்வு. அறுவைக்கு முதல் நாள் மாலை, ஒரு குழுவுக்கு நான் படம் வரைந்த அட்டைகளை வைத்துப் பாடம் சொன்னேன். தியேட்டருக்குள் என்ன நடக்கும், முதுகில் ஊசி எங்கே போடுவார்கள், விழித்ததும் உடம்பில் எந்தெந்தக் குழாய்கள் இருக்கும், தாலியைக் கழற்றச் சொல்வார்கள் என்பது வரை. இன்னொரு குழுவுக்கு வார்டில் வழக்கமாகச் சொல்வது மட்டும். இரண்டு குழுவிடமும் மாலையிலும் மறுநாள் காலையிலும் பயத்தை அளக்கும் கேள்விகளைக் கேட்டேன். பலருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் நானே வாசித்து, அவர்கள் சொன்னதை நானே குறித்தேன். பாடம் கேட்டவர்களின் பய மதிப்பெண் நன்றாகவே குறைந்திருந்தது. அதுதான் என் இரண்டு வருட உழைப்பின் முடிவு.

அந்த முடிவைப் பாதி எழுதி வைத்திருந்த ஒரு காலையில், புறநோயாளிப் பிரிவின் வராந்தாவில் ஒரு அம்மா என்னை நிறுத்தினார். குருசுக்குப்பத்துக்காரர். பாடம் கேட்ட குழுவில் இருந்தவர், மதிப்பெண் மிக அதிகமாகக் குறைந்தவர்களில் ஒருவர். தையல் ஆறியிருக்கிறதா என்று காட்ட வந்திருந்தார்.

"இன்னா சிஸ்டரு, எளச்சிட்ட? பரீட்சையா?"

"அந்த மாதிரிதாம்மா. உங்ககிட்ட கேட்டதத்தான் எழுதிக்கிட்டு இருக்கேன். அன்னிக்குக் காலையில நல்லா தைரியமா இருந்தீங்களே."

அவர் சிரித்தார். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, தையல் வலிக்காமல் சிரித்தார்.

"யாரு, நானா? ராத்திரி பூரா பாத்ரூம்ல போயி அழுதுட்டு வந்தேன். பக்கத்து பெட்டு பொம்பளயக் கேளு."

"அப்புறம் ஏம்மா பயமே இல்லன்னு சொன்னீங்க?"

"எம்மாம் நேரம் உக்காந்து படம் காட்டிச் சொன்ன நீ. தண்ணி கூட குடிக்கல. காலையில வந்து ஆசையா மூஞ்சப் பாத்துக் கேக்குற. பயமா இருக்குன்னு சொன்னா உனக்குச் சங்கடமா இருக்காது?"

அவரே மறுபடி சொன்னார்: "ஆனா ஒண்ணு. நீ சொன்னதால தாலிய வீட்டுலயே கழட்டி மஞ்சக் கயிறு கட்டியாந்துடலாம்னு மத்தவங்களுக்குச் சொல்லி இருக்கேன். எது எப்ப வரும்னு தெரிஞ்சுது. தெரிஞ்சு பயந்தேன். அவ்ளோதான்."

அவரை உள்ளே கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

விடுதிக்கு வந்து என் அட்டவணைகளைத் திரும்ப எடுத்தேன். கேள்விகளோடு நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அதே நேரங்களில் குறித்திருந்தேன். அவற்றில் இரண்டு குழுக்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 'எண்ணிக்கை குறைவு என்பதால் இருக்கலாம்' என்று ஒரு வரியில் அதைக் கடந்து போயிருந்தேன். வாய் சொன்னது இறங்கியிருந்தது, நாடி இறங்கவில்லை. மறு குழுவிடமும் நான்தான் கேட்டேன். ஆனால் அவர்களுக்கு நான் எதுவும் செய்யவில்லை. எனக்காக முகம் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாரம் பகுதியில் இருந்த மேடத்தின் வீட்டுக்குப் போனேன். மேடம் சாப்பாட்டு மேசையில் வேறு யாருடைய அத்தியாயத்தையோ திருத்திக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அப்போ என் முடிவு பொய்யா மேடம்?"

"ஒரு அம்மா சொன்னதுக்கா? அவங்க சொன்னது டேட்டா இல்லம்மா. ஆய்வு முடிஞ்சப்புறம், உன்கிட்ட நம்பிக்கையா வராந்தாவுல சொன்னது. அத ஆய்வேட்டுல எழுதக் கூடாது."

"அப்போ விட்டுடறதா?"

"விடச் சொன்னேனா? பாடம் சொன்னது யாரு, மதிப்பெண் குறிச்சது யாரு? அது ஏற்கெனவே, ஆய்வு எப்படிச் செஞ்சன்னு எழுதின உன் மூணாவது அத்தியாயத்துல இருக்கு. யாரும் உனக்கு வந்து சொல்ல வேண்டியதில்ல. அத எடுத்துக் குறையில எழுது."

நாடித்துடிப்பைக் காட்டினேன். இதுவே போதாதா என்று கேட்டேன்.

"போதாது. தியேட்டர் வாசல்ல யாருக்கும் நாடி இறங்காது. அது எதையும் நிரூபிக்காது, ஆனா ரெண்டும் ஒத்துப்போகலன்னு சொல்லலாம். 'இருக்கலாம்'னு எழுது. 'ஆகவே'ன்னு எழுதாத." பிறகு என் பிரதியை என் பக்கம் தள்ளினார். "ஆதரிக்குது, ஆதரிக்குதுன்னு பக்கம் பக்கமா எழுதி இருக்கியே, ஆதரிக்காதது ஒண்ணு, பழைய ஆய்வுகளத் தொகுத்த உன் ரெண்டாவது அத்தியாயத்துல இருந்துச்சே. அது எங்க போச்சு?"

நான் தலை குனிந்தேன். சீனியர்களின் அச்சில் அதற்கு இடம் இருக்கவில்லை.

அடுத்த வாரம் முழுவதும் நூலகத்தில் இருந்தேன். இம்முறை ஒவ்வொரு ஆய்வின் முடிவையும் பார்ப்பதற்கு முன் வேறொன்றைத் தேடினேன்: பயத்தை அளந்தது யார்? சிலவற்றில் என்னைப் போலவே பாடம் சொன்னவரே அளந்திருந்தார். சிலவற்றில் நோயாளியே தாளில் நிரப்பியிருந்தார். சுருக்கம் மட்டும் கிடைத்த சிலவற்றில் அதைப் பற்றிச் சொல்லவே இல்லை, அப்படியே எழுதினேன். நான் விட்டுவிட்ட அந்த ஆய்வில், எந்தக் குழு என்று தெரியாத வேறொரு நர்ஸ் அளந்திருந்தார். வித்தியாசம் அங்கே தெரியவில்லை. அந்த ஆய்வுதான் என் டிஸ்கஷனின் நடுவில் வந்து உட்கார்ந்தது.

முத்தியால்பேட்டையில் டைப் அடித்துக் கொடுத்த அண்ணன் கடைசிப் பக்கத்தை அடித்துக்கொண்டே கேட்டார்: "இன்னாம்மா, மத்த பொண்ணுங்க குறை மூணு வரி. உனக்கு ஒரு பக்கம். பொண்ணு பாக்க வரவங்களுக்கும் இப்டித்தான் எழுதிக் குடுப்பியா?"

"அடிங்கண்ணே."

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். மார்க்கு கொறைக்கப் போறாங்க."

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அந்தப் பக்கத்தில் நான் எழுதியதன் சாரம் இவ்வளவுதான்: பாடம் சொன்னவரே வாய்மொழியாகக் கேட்டு மதிப்பெண் குறித்ததால், நோயாளிகள் அவருக்கு ஏற்பப் பதில் சொல்லியிருக்கலாம், பயம் குறைந்தது என்பதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ள வேண்டும். இனி ஆய்வு செய்பவர்கள் வேறொருவரைக் கொண்டு அளக்க வேண்டும். விவரம் தெரிந்துகொண்டதையும் பயத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

மேடம் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"முடிவு சின்னதாயிடுச்சு, பாத்தியா?"

"ஆமா மேடம்."

"நிக்குது ஆனா." கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு வார்டில் வேலை பார்க்கும்போதும் அறுவைக்கு முந்தைய மாலைகளில் அதே படங்களைக் காட்டியிருக்கிறேன். காலையில் போய் 'பயம் போச்சா?' என்று கேட்பதில்லை. கட்டில் ஓரமாக நின்று, முகத்தைப் பார்க்காமல் போர்வையைச் சரிசெய்தபடி, 'எது பயமா இருக்கும்மா?' என்று கேட்கிறேன். அப்போது சொல்கிறார்கள்.