ஆறாவது வரிசையில் இடமில்லை

ஈப்போவில் ஒரே கல்லூரியில்தான் என் மனைவியும் நானும் கணினி சொல்லிக்கொடுக்கிறோம். போன ஆண்டு அவளுக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் ஒருவழியாகத் திரும்பிவிட்டன. சொற்கள்தான் அடம்பிடித்தன. பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று ஒரு சொல் வராது. உடனே சொன்னதையெல்லாம் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. அவள் தேடுகிற சொல்லை நானே எடுத்து நீட்டிவிடுவேன். உதவி செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விடுப்பு முடிகிற நேரத்தில் துறைத் தலைவர் ஒரு மாதிரி வகுப்பு நடத்திக் காட்டச் சொன்னார். நன்றாக வந்தால் அவளுடைய மாணவர்கள் அவளுக்கே. இல்லையென்றால் கல்லூரிப் பதிவு அலுவலகத்தில் ஒரு மேசை வேலை. அவள் எட்டு ராணிப் புதிரைத் தேர்ந்தெடுத்தாள். எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் எட்டு ராணிகள். ஒன்றையொன்று நேராகவோ பக்கவாட்டிலோ மூலைவாட்டிலோ வெட்டக்கூடாது.

"சுலபமா வேற ஏதாச்சும் எடுக்கலாம்லா" என்றேன்.

"எனக்கு இதுதான் பிடிக்கும்" என்றாள்.

புந்தோங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சதுரங்கப் பலகையை விரித்து, பாட்டில் மூடிகளை ராணிகளாக வைத்துப் பழகினாள். வரிசைக்கு ஒரு ராணி, எப்போதும் இடது ஓரத்திலிருந்து முதலில் கிடைக்கிற பாதுகாப்பான கட்டம். ஒன்று, மூன்று, ஐந்து, இரண்டு, நான்காம் கட்டங்கள் என்று ஐந்து வரிசைகள் நன்றாகத்தான் போகும். ஆறாவது வரிசையில் ஒரு கட்டம்கூட மிஞ்சாது. அந்த இடத்தில் அவளுக்கும் சொல் நின்றுவிடும். மூடிகளையெல்லாம் வாரி எடுத்துவிட்டு முதல் வரிசைக்கே போய்விடுவாள்.

"ஐயோ, அஞ்சாவத மட்டும் எடுமா! மத்தது என்ன பாவம் செஞ்சது?" என்று ஒரு நாள் கத்திவிட்டேன்.

அவள் மூடிகளைக் கீழே வைத்தாள். "நீங்க குறுக்க பேசினா நான் எங்க இருந்தேன்னே மறந்துபோவுது. அதான் மொதல்லருந்து வாரேன். கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு இருங்க."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் அவளை ஆரம்பத்துக்கே விரட்டியது நான்தான்.

மாதிரி வகுப்பன்று கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். முன்னால் துறைத் தலைவரும் இரண்டு சக ஆசிரியர்களும். கட்டம் போட்ட வெள்ளைப் பலகையில் ராணிகளாகக் காந்த வில்லைகள். வரிசைக்கு ஒன்றாக எப்படி வேண்டுமானாலும் எட்டு ராணிகளை வைத்துவிட்டு, கடைசியில்தான் சரிபார்ப்பது என்றால் பதினாறு மில்லியனுக்கும் மேற்பட்ட அமைப்புகளைப் பார்க்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள். "வைக்கும்போதே சரிபார்த்தால்?" என்று கேட்டுவிட்டு வில்லைகளை வைக்கத் தொடங்கினாள்.

ஆறாவது வரிசை வந்தது. கை நின்றது, பேச்சும் நின்றது. அவள் தேடிய சொல் என் நாக்கு நுனியில் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். துறைத் தலைவர் பேனாவை மூடித் திறந்தார். அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் வாரப்போகிறாள் என்றே நினைத்தேன்.

ஐந்தாவது ராணியை மட்டும் எடுத்தாள்.

"இங்கே வழியில்லை. ஒரு படி பின்னால் போவோம்." ஐந்தாவதை எட்டாம் கட்டத்துக்கு நகர்த்தினாள். ஆறாவதில் மறுபடியும் இடமில்லை. ஐந்தாவதற்கும் வேறு கட்டம் இல்லை. அதையும் எடுத்துவிட்டு நான்காவதை ஏழாம் கட்டத்துக்கு மாற்றினாள். முதல் மூன்று ராணிகள் வைத்த இடத்திலேயே இருந்தன.

பிறகு ராணியை வைக்கக்கூடிய ஒவ்வொரு வழியையும் ஒரு கிளையாக்கி மரம் ஒன்றை வரைந்தாள். முதல் வரிசையில் எட்டுக் கிளைகள். இரண்டாவதில் அறுபத்து நான்கு வரவேண்டும், ராணிகள் மோதாமல் நாற்பத்திரண்டுதான் தப்பின. வெட்டுப்பட்ட ஒவ்வொரு கிளைக்கும் கீழே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் பார்க்காமலேயே போயின. மொத்த மரத்திலும் ராணியைப் பாதுகாப்பாக வைத்த இடங்கள் இரண்டாயிரத்துச் சொச்சம்தான். அதிலேயே தொண்ணூற்றிரண்டு விடைகளும் அகப்பட்டுவிடும் என்றாள்.

சக ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "வெட்டின கிளையில ஒரு விடை இருந்துட்டா?"

"இருக்காது. ரெண்டு ராணி ஏற்கனவே ஒன்னையொன்னு வெட்டுது. அதுக்குக் கீழ எத்தனை வச்சாலும் அந்தச் சண்டை தீராது."

துறைத் தலைவர் எழுந்து அவளருகே வந்தார். "திங்கட்கிழமையிலருந்து முழு வகுப்பு. உங்களால முடியுமா?"

அவள் வாய் திறந்தாள். சொல் வரவில்லை. அறையே காத்திருந்தது. துறைத் தலைவர் திரும்பி என்னைப் பார்த்தார், பதில் என்னிடம் இருப்பதுபோல. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணில் நீர் முட்டியது. அவள்மேல் எனக்கு அத்தனை ஆசையாக இருந்தது.

"முடியும்" என்றாள்.