மோட்டார் இருந்த இடத்தில் ஒரு ரெசிஸ்டர்

அந்த சர்க்யூட் போர்டில் நான்கு இடம் காலியாக இருக்கிறது என்று பேக்கிங் பக்கத்து அக்கா காட்டியபோது, நான் ஏன் அதைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை? குழந்தைக்குக் காய்ச்சல் என்று மாமியார் போன் செய்திருந்தார். பால் கட்டி வலித்தது. பாலைப் பீய்ச்ச வாங்கும் முதலுதவி அறையின் சாவி பத்து நிமிடம்தான் என்னிடம் இருக்கும். காரணங்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு போர்டைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் டெஸ்ட் இன்ஜினியராக இருக்கிறேன். காரின் பக்கவாட்டுக் கண்ணாடியை மடக்கி விரிக்கும் மோட்டாரை இயக்குகிற போர்டு எங்களுடையது. அதில் நான்கு டிரான்சிஸ்டர்கள், மோட்டாருக்கு இடப்பக்கம் மேலும் கீழும், வலப்பக்கம் மேலும் கீழும். இட மேலும் வலக் கீழும் ஆன் ஆனால் மின்சாரம் மோட்டாருக்குள் ஒரு திசையில் போகும், கண்ணாடி மடங்கும். மற்ற மூலைவிட்ட ஜோடி ஆன் ஆனால் திசை மாறும், கண்ணாடி விரியும். ஒரே பக்கத்து மேலும் கீழும் சேர்ந்து ஆனாகிவிட்டால் பேட்டரிக்கு நேர் ஷார்ட். அதனால் ஒரு ஜோடியை அணைத்து, கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் அடுத்ததை ஆன் செய்வார்கள்.

ஆபத்து அந்த இடைவெளியில்தான். மோட்டாருக்குள் இருப்பது கம்பிச் சுருள். ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்தை அது சட்டென்று நிற்க விடாது. வழியை அடைத்தால் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போய் எங்காவது உடைத்துக்கொண்டு பாயும். உடைவது டிரான்சிஸ்டர். அதற்குத்தான் ஒவ்வொரு டிரான்சிஸ்டரோடும் ஒரு டயோடு. மிச்சமிருக்கும் மின்சாரம் டயோடுகள் வழியே சப்ளைக்கே திரும்பி அடங்கிவிடும்.

எங்களிடம் இரண்டு மாடல், ஒரே வெற்று போர்டு. புது மாடலில் போடும் டிரான்சிஸ்டருக்குள்ளேயே டயோடு அமைந்திருக்கும், அதனால் தனி டயோடு கிடையாது, நான்கு இடமும் காலி. பழைய மாடலின் டிரான்சிஸ்டரில் அது இல்லை. தனியாக நான்கு போட்டே ஆக வேண்டும்.

பிரசவ விடுப்பு முடிந்து வந்த முதல் மாதம், நான் இன்னும் வேலைக்கு ஆவேன் என்று காட்ட வேண்டியிருந்தது. செய்து முடித்த போர்டுகளைச் சோதிக்கும் டெஸ்டரில் நிஜ மோட்டார் ஒன்று இருந்தது. பிரஷ் தேய்ந்து அடிக்கடி மாற்ற வேண்டும். சுற்றி நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். அதைக் கழற்றிவிட்டு ஒரு பெரிய ரெசிஸ்டரை வைத்தேன். திசை மாறுகிறதா என்று அதன் மேல் மின்னழுத்தத்தின் குறியைப் பார்த்தால் போதும். பாதி நேரத்தில் டெஸ்ட் முடிந்தது. எனக்குச் சான்றிதழ் கொடுத்துப் படமெடுத்து கேண்டீன் சுவரில் ஒட்டினார்கள். ரெசிஸ்டர் எதையும் சேமித்து வைக்காது, அணைத்தால் மின்சாரம் அப்போதே நின்றுவிடும், டயோடு இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியவே தெரியாது. கல்லூரியில் படித்ததுதான். நினைவுக்கு வரவில்லை.

அக்கா மணிமங்கலத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர். கான்ட்ராக்ட் ஆள். டெஸ்ட் முடிந்த போர்டுகளைப் பேக்கிங்குக்கு முன் கண்ணால் பார்த்து அனுப்புவது அவர் வேலை. அன்று புது மாடலிலிருந்து பழைய மாடலுக்கு லைன் மாறியிருந்தது. டிரான்சிஸ்டரை மாற்றியவர்கள், பாகங்களைப் பொருத்தும் மெஷினின் புரோகிராமில் டயோடு போடும் வரியைத் திரும்பச் சேர்க்கவில்லை.

"இன்னா மேடம் இது, நாலு பல்லு வுழுந்தா மாரி கீது?"

"அந்த மாடல் அப்படித்தான்கா."

"அது நேத்து ஓடுன மாடலாச்சே. இன்னிக்கு வேற ஓடுது."

"டெஸ்டர்ல பாஸ் ஆச்சா?"

"பச்சை லைட்டு எரிஞ்சிது."

"அப்ப அனுப்பிடுங்க." சாவியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

சில வாரங்களில் புகார் வந்தது. மடங்கிய கண்ணாடிகள் விரியவில்லை. திரும்பி வந்த போர்டுகளில் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி ஃபியூஸ் போயிருந்தது. அன்று செய்த அந்த லாட்டில் கிடங்கில் மிச்சமிருந்த ஒரு போர்டை எடுத்து டெஸ்டரில் வைத்தேன். பச்சை. மேஜையில் நிஜ மோட்டாரோடு இணைத்து, மின்னழுத்தத்தைக் கோடாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தேன். ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் கோடு சப்ளையைத் தாண்டி மேலே குத்திட்டு நின்றது. திருப்பித் திருப்பி ஓட்டியதில் என் கண் முன்னாலேயே ஒரு டிரான்சிஸ்டர் செத்தது. இன்னொரு போர்டில் நான்கு டயோடுகளைக் கையால் பற்றவைத்தேன். கோடு சப்ளைக்குச் சற்று மேலே தட்டையாகிப் பணிந்தது. மாலைவரை ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை.

மேனேஜரிடம் சொன்னேன். டெஸ்டர் கண்டுபிடித்திருக்க வேண்டும், மோட்டாரை எடுத்தது நான் என்றும் சொன்னேன்.

"அத எழுதுவியா நீ? டெஸ்டர்னு எழுதுனா அதுல பாஸான எல்லா லாட்டையும் கஸ்டமர் கேப்பான். ஆளோட தப்புன்னு எழுதும்மா. ட்ரெயினிங் குடுத்தோம்னு முடிச்சிடலாம்."

வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் அறிக்கை, ஐந்து முறை ஏன் என்று கேட்டு மூல காரணத்தை எழுத வேண்டிய படிவம். இரண்டாவது ஏனில் அக்காவிடம் நின்றுவிட்டோம். மேனேஜர் அவரைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, கண்ணு தெரியுதா உனக்கு?"

"தெரியுது சார். பாஸ்னு வந்துச்சி, அனுப்சிட்டேன்."

"டவுட்டு வந்தா கேக்க மாட்டியா? யாராண்டயாச்சும் கேட்டியா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மேஜை மேலிருந்த போர்டைப் பார்த்தார். "யாரையும் கேக்கல சார்."

நான் ஃபைலைப் பிடித்தபடி நின்றேன். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. மறுநாள் அவருடைய கேட் பாஸ் வேலை செய்யவில்லை. அறிக்கையை எழுதியது நான்தான். 'ஆய்வாளரின் கவனக்குறைவு' என்ற வரி என் கையெழுத்தில் இருக்கிறது.

போன வாரம் வல்லக்கோட்டைக் கோயிலில் வரிசையில் அவரைப் பார்த்தேன். ஏதோ பெண்கள் ஹாஸ்டலில் பாத்திரம் கழுவுகிறாராம். என் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "அம்மா மாரியே முழிக்கிது பாரு" என்று சிரித்தார்.

"ஏன்கா சொல்லல?"

"கைக்கொயந்தய வச்சிகினு கீறீங்க. நான் கான்ட்ராக்ட்டு, எப்பனா வுட்ருவானுங்க." வரிசை நகர்ந்தது. அவரும் நகர்ந்தார். திரும்பி, "ஆனா நான் கேட்டேன் மேடம். அது உங்களுக்குத் தெரியும்ல" என்றார். சிரிப்பு இல்லை.

இரக்கப்பட்டுத்தான் விட்டார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இரக்கம்தான் போலிருக்கிறது. ஆனால் அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி தெரியாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ரெசிஸ்டர் இன்னும் டெஸ்டரில்தான் இருக்கிறது. மோட்டாரைத் திரும்ப வைத்தால் உற்பத்தி குறையும் என்கிறார் மேனேஜர். படமும் கேண்டீன் சுவரில் அப்படியே இருக்கிறது. அடுத்த வாரம் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து அறிக்கையை முடித்துவைக்க வருகிறார்கள். சரிபார்த்தவர் என்ற இடத்தில் நான் கடைசிக் கையெழுத்துப் போட வேண்டும். போடாமல் நடந்ததைச் சொன்னால் அக்கா மேல் உள்ள பழி நீங்கும், டெஸ்டரில் மோட்டார் திரும்ப வரும், என் வேலை அநேகமாகப் போகும். கணவர் வேலை செய்யும் இடத்தில் இப்போது ஓவர்டைம் கூட இல்லை. அக்காவைத் திரும்ப எடுப்பார்களா என்பதும் நிச்சயமில்லை. எடுக்கமாட்டார்கள் என்று நானே சொல்லிக்கொள்வது உண்மையா, எனக்கு வசதியா என்றும் தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் லைனில் நின்றவர்கள் இருப்பீர்கள். கையெழுத்துப் போட்டவர்களும், அதனால் வேலை இழந்தவர்களும் இருப்பீர்கள். வாடிக்கையாளர் தரப்பினர் வந்து உட்கார்ந்ததும் நான் முதலில் என்ன சொல்ல வேண்டும்? அதற்கு முன்னால் அக்காவிடம் போய்க் கேட்க வேண்டுமா, கேட்காமல் செய்ய வேண்டுமா? தயவுசெய்து எழுதுங்கள். என்னைத் தேற்றும் பதில் வேண்டாம்.