கிணற்று நீரும் ‘இருக்கலாம்’ என்ற சொல்லும்

நெடுந்தீவுக் கிணறுகளின் உவர்ப்பை ஆராய்ந்த பல்கலைக்கழகப் பிள்ளை ஒருத்தி, மாநாட்டுக்கு அனுப்ப வேண்டிய ஆய்வுச் சுருக்கத்தை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருந்தாள். இருவரும் தீவிலிருந்து திரும்பும் படகின் மேல்தட்டில் இருந்தோம். கடலும் வானமும் ஒரே வெளிறிய நிறமாய் இருந்தன. படகு நகர்கிறதா என்றே தெரியவில்லை.

மோட்டர் பூட்டி இறைக்கும் கிணறுகளில் உவர்ப்பு கூடுதலாகக் காணப்பட்டது, இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அவள் தமிழில் எழுதியிருந்தாள். வினைச்சொல்லின் கடைசியில் ‘-லாம்’ என்று வரும் அந்தச் சந்தேகத்தை ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்கு முன்னால், ‘மே’ (may) என்று வைத்திருந்தேன்.

“அக்கா, இது பலமில்லாமல் கிடக்கு. மோட்டராலைதான் உப்பாகுது எண்டு போடுவமே?”

“அது உமக்கு நிச்சயமே?”

அவள் தன் அளவீட்டுக் குறிப்புகளைப் புரட்டினாள்.

“எங்கடை வீட்டுக் கிணறும் உப்பாப் போச்சுது அக்கா. மோட்டராலைதான் எண்டு மனம் சொல்லுது. ஆனால் ஒரு கோடைதான் அளந்தனான். மோட்டர் கிணறுகள் கன இடத்திலை கடலுக்குக் கிட்ட. அதாலையும் இருக்கலாம்.”

“அப்ப அதையும் எழுதுவம்.”

சொல் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தது. ‘மிக முக்கியமான ஆய்வு’ என்ற தொடரை அவளே வெட்டினாள். அந்த இடத்தில் ஒரு கோடை, கடலின் அருகாமை இரண்டையும் சேர்த்தேன்.

மாநாட்டில் அதை ஏற்றுக்கொண்டார்கள். மாரியிலும் அளப்பீர்களா என்று அங்கே ஒருவர் கேட்டாராம். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தவள், மாரி தொடங்கியதும் மறுபடியும் தீவுக்குப் படகேறினாள்.