பதினோராவது மாதம்

கல்வராயன் மலைமேல் உள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் ஆய்வக நுட்பனர். ரத்தம், சளி, சிறுநீர் பரிசோதனை என் வேலை. ஒப்பந்தப் பணி. பதினோரு மாதம் முடிந்ததும் ஒப்பந்தம் தீரும், ஒருநாள் இடைவெளி விடுவார்கள், அதன்பின் புது ஆணை வரும். தொடர்ந்து வேலை செய்தேன் என்று யாரும் உரிமை கேட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்த ஒருநாள். அன்றும் நாங்கள் வருவோம், வருகைப் பதிவேட்டில் மட்டும் கையெழுத்துப் போட மாட்டோம். வராவிட்டால் யாராவது கவனித்துவிடுவார்களோ என்று பயம்.

இரண்டு முறை புதுப்பித்தார்கள். இரண்டு முறையும் அதே சம்பளம். மூன்றாவது முறை நெருங்கியபோது, எங்களோடு ஒப்பந்தத்தில் இருந்த செவிலியர் அக்கா கச்சிராயபாளையத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"தம்பி, திட்டத்து விதியிலயே வருசத்துக்கு ஒரு உயர்வு குடுக்கலாம்னு இருக்கு. நம்ம டாக்டர் மேடம் பரிந்துரை எழுதணும். நம்மாளுங்க கேக்கறதே இல்ல. முத்திரைத்தாள நீட்டினப்புறம் தலைய சொறிஞ்சிக்கினு நிப்பாங்க. அப்ப கேட்டு இன்னா பண்றது? சம்பளத்த எழுதி மேல அனுப்பியாச்சி."

"நீங்க கேட்டீங்களாக்கா?"

"எனக்கு போன மாசந்தான் கையெழுத்தாச்சி. அப்பறம்தான் விதிய பாத்தேன். ஒனக்கு இன்னும் பைல் போவல."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கேட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். கூலி குறைவு என்று வாய் திறந்தவரை மறுநாள் மேஸ்திரி கூப்பிடாமல் விட்டதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் நான். அது போனால் எங்கே போய் நிற்பது என்று எனக்குத் தெரியாது.

"மேடத்துகிட்ட இன்னா சொல்லுவ? என்னை மேடம்னு நெனச்சிக்கினு சொல்லு" என்றார் அக்கா.

"மேடம், வூட்டுல ரொம்ப கஷ்டம், அப்பாவுக்கு முதுகு வலி..."

"அப்பனுக்கு முதுகு வலின்னா மாத்திரை எழுதி குடுப்பாங்க. சம்பளம் எதுக்கு ஏத்தணும்?"

முன் சீட்டில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். 

"கஷ்டத்த சொல்லாத தம்பி. கஷ்டம் எல்லாருக்கும் இருக்கு. சேர்ந்தப்ப இன்னா வேல, இப்ப இன்னா வேல, அத சொல்லு."

மறுநாள் மதியம், வெளிநோயாளிகள் போனபின் மருத்துவர் அறைக்குள் போனேன். சேர்ந்தபோது மலேரியாவுக்குக் கண்ணாடியில் ரத்தம் தடவிப் பார்ப்பதும் சில சாதாரணப் பரிசோதனைகளும்தான் என்றேன். பிறகு காசநோய்க் கருவி வந்தது, அதற்குப் பயிற்சி எடுத்தேன், ஊர் ஊராக முகாமுக்கும் போகிறேன், சம்பளம் மட்டும் சேர்ந்த நாளில் இருந்ததே. புதுப்பிக்கும்போது உயர்வுக்குப் பரிந்துரைக்க முடியுமா என்று கேட்டேன்.

மேடம் பேனாவை மூடினார். "நியாயம்தான். எழுதறேன். ஆனா மாவட்ட ஆபீஸ்ல எப்படி எடுத்துப்பாங்கன்னு நான் சொல்ல முடியாது. சரியா?"

சரி என்றேன். வெளியே வந்ததும் உடனே உள்ளே போய் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. கதவுவரை போய்த் திரும்பினேன்.

ஒப்பந்தம் முடிந்தது. இடைவெளி நாளும் போனது. என்னோடு ஒப்பந்தம் முடிந்த எங்கள் மருந்தாளுநருக்கு ஆணை வந்தது. எனக்கு வரவில்லை.

மேடம் கூப்பிட்டார். "ஒருநாள்னா பரவால்ல. இனி நீ கருவியத் தொடாத. ஒப்பந்தம் இல்லாத ஆள் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்ட நாளைக்கு யாராவது கேட்டா நாம ரெண்டு பேரும் மாட்டுவோம்."

வீட்டுக்குப் போகவும் மனசு வரவில்லை. ஆய்வகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மலைக் கிராமத்து அம்மா சளி டப்பாவை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார். போன வாரம் நான்தான் அந்த டப்பாவைக் கொடுத்திருந்தேன்.

"இந்தா தம்பி. காத்தாலயே எடுத்தது."

"நான் வாங்கக் கூடாதும்மா. உள்ள அக்காகிட்ட குடுங்க. கீழ அனுப்புவாங்க."

"நீதான இங்க குந்திக்கினு இருக்க?"

எழுந்து அக்கா இருந்த அறையைக் காட்டினேன். டப்பா மதிய பஸ்ஸில் மலை இறங்கியது. நானும் அதே பஸ்ஸில் இறங்கினேன்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே வைத்துக்கொண்டார்.

"ஒன்ன யாருடா கேக்க சொன்னது? குடுத்தத வாங்கிக்கினு வந்திருந்தா ஆவாதா?"

"விதியில இருக்குப்பா."

"விதியில இருக்கும். வேல அவங்ககிட்டதான இருக்கு."

அதற்குமேல் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

காலையில் கள்ளக்குறிச்சிக்குப் போனேன். மாவட்ட அலுவலகத்தில் கண்காணிப்பாளர் என் கோப்பை எடுத்து மேசைமேல் போட்டார்.

"நீதானா அது? மத்த பைலுங்க எல்லாம் போயிடிச்சி. ஒன்னுதுல மேடம் பரிந்துரை வெச்சிட்டாங்க. உயர்வு போட எனக்கு அதிகாரம் கெடையாது, மாவட்டக் குழு கூடி ஒத்துக்கணும். எப்ப கூடுமோ. அதுவரைக்கும் பைல் இங்கதான் தூங்கும்."

"சார், அதுவரைக்கும் வேல?"

"பழைய சம்பளமே போதும்னு ஒரு கடுதாசி எழுதிக் குடு. பரிந்துரைய எடுத்துட்டு இன்னிக்கே ஆணை போட்டுடலாம். அப்டி இல்லன்னா காத்துக்கினு இரு. அந்த எடத்துக்கு வேற ஆள் கேட்டா நான் இன்னா பண்ண முடியும்?"

அவர் மிரட்டவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஒரு வெள்ளைத் தாளையும் என் பக்கம் தள்ளினார்.

பேனாவை எடுத்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதினேன். அதற்குமேல் ஓடவில்லை. போதும் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தால் அடுத்த முறை எந்த வாயால் கேட்பது? எழுதாவிட்டால் அடுத்த முறை என்று ஒன்று உண்டா? பேனாவை மூடித் தாளின்மேல் வைத்தேன்.

"சார்" என்றேன். எனக்கே கேட்காத குரல். "பழைய சம்பளத்துல இப்ப ஆணை போடுங்க சார். நான் சேர்ந்துடறேன். போதும்னு மட்டும் எழுதல. பரிந்துரைய தனியா குழுவுக்கு அனுப்ப முடியுமா? அவங்க ஒத்துக்கிட்டா பாத்துக்கலாம். இல்லன்னா அதுவும் சரி."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

"ஒனக்கு மட்டும் அனுப்பினா மலையில இருக்கற மத்த நுட்பனருங்க வந்து நிப்பாங்களே?"

"அவங்களும் அதே வேலைதான் சார் செய்யறாங்க."

பக்கத்து மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "அனுப்பித்தான் பாருங்களேன் சார். திருப்பி அனுப்பினா நமக்கு இன்னா போச்சி?"

"நீங்க வேற" என்றார் அவர். கொஞ்ச நேரம் கோப்பைப் புரட்டினார். பிறகு பரிந்துரைத் தாளைப் பிரித்தெடுத்து, வேறொரு அட்டையில் வைத்துக் கட்டினார். "ஆணை சாயங்காலம் வாங்கிக்க. முத்திரைத்தாள் வாங்கிக்கினு வா."

மாலையில் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டேன். பழைய சம்பளம். நிரந்தரம் கேட்க மாட்டேன் என்ற பழைய வரியும் இருந்தது. உயர்வு கேட்க மாட்டேன் என்று ஒரு வரி சேர்த்திருப்பார்களோ என்று இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

"இன்னாபா, இப்டி திருப்பித் திருப்பி பாக்கற? கேக்கறப்ப பயப்படலயே" என்றார் கண்காணிப்பாளர்.

அப்போதும் பயந்தேன் என்று நான் சொல்லவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் மலையேறினேன். டப்பா கொண்டுவந்த அந்த மலைக் கிராமத்து அம்மாவின் பரிசோதனை முடிவு கீழேயிருந்து இன்னும் வந்திருக்கவில்லை. புது டப்பா கொடுத்து மறுபடி சளி எடுத்து வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். கருவியின் சுவிட்சைப் போட்டேன்.

அதன்பின் பரிந்துரையை வைத்துக் கட்டிய அந்த இன்னொரு கோப்பு என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லை. அலுவலகத்திலிருந்து போன் வந்தால் இன்றும் எடுக்குமுன் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்கிறேன். இந்த ஒப்பந்தத்துக்குப் பத்தாவது மாதம் நடக்கிறது. அடுத்த புதுப்பிப்புக்கு என் கோப்பு இன்னும் மேலே போகவில்லை. நேற்று மதியம் வெளிநோயாளிகள் போனபின் மறுபடியும் பரிந்துரை கேட்க மேடம் அறைக்கு வெளியே போய் நின்றேன். எனக்கு முன்னால் மருந்தாளுநர் நின்றுகொண்டிருந்தார்.

"ஒனக்கும் பயமாத்தான் இருக்கா?" என்று கிசுகிசுத்தார்.

ஆமாம் என்றேன். உள்ளேயிருந்து மேடம் கூப்பிட்டார்.