நாற்பத்தோராவது நிமிடம்

அவளுக்குக் 'கத்திரி' என்று பேர் வைத்தது அவள் அண்ணன்தான். மருந்துக்கடை மாடியில் வாடகைக்கு எடுத்த அறையில் அவன் ஆட்களைக் கேமரா முன் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேட்டி எடுப்பான். அதை ஆறேழு துண்டுகளாக வெட்டுவது அவள் வேலை. முழுப் பேட்டியைப் பார்க்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். துண்டுகள்தான் போன் போனாக ஊரைச் சுற்றும்.

அவளுக்கு அதில் கை தேர்ந்திருந்தது. முதலில் எழுத்தாக மாற்றிய பேச்சைப் படிப்பாள். அப்புறம் காதில் மாட்டிக் கேட்பாள். குரல் இறங்குகிற இடம், மூச்சு நிற்கிற இடம், எல்லாவற்றுக்கும் குறி வைப்பாள். "அதாவது வந்து" என்று யாராவது இழுத்தால் கருணையே கிடையாது, நறுக்கிவிடுவாள். முதல் மூன்று நொடியில் பார்க்கிறவரை இழுத்துப் பிடிக்காவிட்டால் அவர் கட்டைவிரல் அதைத் தள்ளிவிட்டுப் போய்விடும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

அந்த வாரம் வந்தவர் முக்குளிப்பவர். நீரில் மூழ்கி இறந்தவர்களை இருபது வருடமாக வெளியே எடுத்துவருகிறவர். நாற்பத்தோராவது நிமிடத்தில், பத்து வருடத்துக்கு முன் அணைக்குப் பின்னால் ஒரு பெண்ணைத் தேடி இறங்கிய கதையைச் சொன்னார். "ஒண்ணும் தெரியல. ஒரே இருட்டு. அப்ப யாரோ என் மணிக்கட்டைப் பிடிச்சாங்க." ஐம்பத்து மூன்றாவது நிமிடத்தில் சாவகாசமாகச் சேர்த்தார்: "அந்தப் பொண்ணு போய் ரெண்டு நாளாச்சு, எப்படிப் பிடிக்கும்? அவ கைப்பையோட வார்தான் சுத்திக்கிச்சு."

அவள் மணிக்கட்டு வரியைத் தூக்கி முன்னால் வைத்தாள். அதற்குப் பின்னால் அணை, இருட்டு. தலைப்பாக, "செத்தவங்க பிடிப்பாங்களா?"

"வார் விஷயத்தையும் கடைசியில ஒட்டிடவா?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"ஒட்டினா புஸ்ஸுனு போயிடும்மா. அங்கேயே நிறுத்து."

நிறுத்தினாள். துண்டு காட்டுத்தீயாய்ப் பரவியது.

நான்காம் நாள் மத்தியானம் ஒரு அம்மா போன் செய்தார். குரல் ரொம்ப நிதானமாக இருந்தது. "அணைக்குப் பின்னாடி எடுத்தது என் பொண்ணைத்தான். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவர் போனப்ப அவளுக்கு உயிர் இருந்துச்சா?"

அவள் அவசரமாகச் சொன்னாள்: "இல்லைங்கம்மா, அது பை வார். அவர் அப்புறம் சொல்றார். நாந்தான் வெட்டிட்டேன்."

மறுமுனையில் அதே துண்டு ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. முடிந்தது. மறுபடி ஆரம்பித்தது. அவளே பொறுக்கி முன்னால் வைத்த வரி.

அண்ணனிடம் கேட்காமலேயே அன்று அந்தத் துண்டை நீக்கினாள். தலைப்பை மாற்றி எழுதினாள்: "இருட்டில் என் கையைப் பிடித்தது ஒரு பையின் வார்." முழு விளக்கத்தையும் சேர்த்துப் புதிதாகப் போட்டாள். அண்ணன் கத்தித் தீர்த்தான். ஆனால் பழையதை யார் யாரோ இறக்கிவைத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். கொட்டினதை அள்ள முடியவில்லை.

மறுநாள் முக்குளிப்பவரே மாடிப்படி ஏறி வந்தார். கோபமாக வருகிறார் என்று எழுந்து நின்றாள். அவரோ நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"பாப்பா, வார்னு நான் நிஜமாவே சொன்னேனா?"

"சொன்னீங்க சார். ஐம்பத்து மூணாவது நிமிஷம்."

"போட்டுக் காமி."

போட்டாள். காதில் மாட்டிக்கொண்டு மூன்று தடவை கேட்டார். பகல் வெளிச்சம் சன்னல் வழியாக அவர் கையில் விழுந்திருந்தது. அந்தக் கையை அவர் பார்க்கவே இல்லை.

"என் குரல்தான்," என்றார். "ஆனா எல்லாரும் அந்தத் துண்டைக் காமிச்சுக் காமிச்சு, இப்ப நினைச்சா வார் ஞாபகம் வரல. விரல்தான் வருது. அஞ்சு விரல்." எழுந்தார். "இனிமே தண்ணியில இறங்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

படியில் அவர் செருப்புச் சத்தம் தேய்ந்த பிறகும் அவள் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. பத்து வருடம் ஒருவர் பத்திரமாக வைத்திருந்த ஞாபகத்தை, நாற்பது நொடித் துண்டு ஒன்றில் மாற்றி வைத்துவிட்டோமே என்று இருந்தது.

அந்த அம்மாவுக்குப் புதிய துண்டை அனுப்பியிருந்தாள். சாயங்காலம் குரல்செய்தி வந்தது. மன்னித்துவிட்டார்களோ என்ற நப்பாசையோடு திறந்தாள்.

"பார்த்தேம்மா. நீ நல்ல மனசோடதான் செஞ்சிருக்க. ஆனா இது வேண்டாம். பழையதையே அனுப்பு, என் போன்ல எப்படியோ அழிஞ்சுபோச்சு. அதுல அவ அவர் கையைப் பிடிச்சிருக்கா."

அவள் மூலக்கோப்பைத் திறந்தாள். நாற்பத்தோராவது நிமிடத்தில் வந்து நிறுத்தினாள். அனுப்பவும் மனம் வரவில்லை, மூடவும் வரவில்லை. திரையில் முக்குளிப்பவர் வாயைப் பாதி திறந்தபடி, அந்த வரியைச் சொல்லக் காத்திருந்தார்.