பெட்டியில் முப்பது மணித்தியாலம்

கச்சேரி என்னும் மாவட்ட அரச அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் என் மச்சாள் தந்தது. மனைவியின் தங்கை அவள். தெல்லிப்பழையில் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு போன் கடை வைத்திருக்கிறாள். கடை சிறியது, வாய் பெரியது. கவர், சார்ஜர், கண்ணாடி எல்லாம் கடையிலேயே விற்றுப்போகும். வயர் இல்லாத இயர்போன்களை மட்டும் இணையத்தில் ஒரு விற்பனைத் தளத்தில் போட்டு, கூரியரில் ஊரூராக அனுப்பிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பின்னேரம் வந்து போனை என் முன்னால் வைத்தாள்.

"அத்தான், என்ரை கணக்கைப் பூட்டப் போறாங்கள்."

வாசித்தேன். அந்தத் தளத்தின் விதி மிகவும் தெளிவாக இருந்தது. அதனாலேயே எனக்குப் பிடித்துப்போனது. சொன்னபடி பொருள் இல்லை என்று மூன்று முறைப்பாடுகள் நிலைத்துவிட்டால் விற்பவரின் கணக்கு மூடப்படும். இவளுக்கு ஏற்கெனவே இரண்டு. காரணம் கண்டுபிடிக்க விசாரணைக் குழு தேவைப்படவில்லை. பெட்டியில் அச்சடித்திருந்ததை அப்படியே பார்த்து எழுதியிருந்தாள்: முப்பது மணித்தியாலம் பற்றரி, முழு அமைதி, எல்லாப் போனுக்கும் பொருந்தும்.

"நீங்கள் கச்சேரியிலை இருந்து எத்தினை சுற்றுநிருபம் எழுதியிருப்பியள். எனக்கும் ஒண்டு எழுதித் தாங்கோ. ஒருத்தரும் பிழை பிடிக்கேலாத மாதிரி."

"அதுக்கு ஒரு வழிதான் இருக்கு. உள்ளதை எழுத வேணும்."

"அப்ப ஆர் வாங்குவினம்?"

"அது உம்மடை பிரிவு. எழுதிறது மட்டும்தான் என்ரை பிரிவு."

கடையில் ஆட்களுக்குப் போட்டுக் காட்டுவதற்கென்று திறந்து வைத்திருந்த சோடியைத் தந்துவிட்டுப் போனாள். கூழாங்கல் மாதிரி ஒரு வெள்ளைப் பெட்டி, அதற்குள் இரண்டு காதுக்குமிழ்கள். அடுத்த ஒரு கிழமை நான் இருந்த சந்தோஷத்தில் சேவைக்காலம் முழுவதும் இருந்ததாக நினைவில்லை.

முதலில் பற்றரி. அரைவாசிச் சத்தத்தில் கிரிக்கெட் வர்ணனையை ஓடவிட்டு, காதுக்குள் உயிர் போகும்வரை கேட்டேன். இரைச்சல் குறைக்கும் வசதியை நிறுத்தி வைத்தபோது ஐந்தரை மணித்தியாலம் ஓடியது. அதைப் போட்டபோது நாலு. அப்படியானால் பெட்டி சொன்ன முப்பது எங்கே? அந்த வெள்ளைப் பெட்டியே ஒரு பற்றரி. தான் ஒருமுறை சார்ஜ் ஏறினால் குமிழ்களை நாலு தடவை நிரப்பும். எல்லாவற்றையும் கூட்டினால் இருபத்தேழரை வந்தது, அதுவும் இரைச்சல் குறைப்பு இல்லாமல். இரைச்சல் குறைப்போடு இருபது. முப்பது என்று எழுதியவன் தன் வீட்டுக் கணக்கையும் இப்படித்தான் பார்க்கிறானோ தெரியாது.

அந்த நாட்களில் மனைவி கேட்டதற்கெல்லாம் "ஓம்" என்று தலையாட்டியதில், இரண்டு பூப்புனித நீராட்டு விழாக்களுக்கும் கூரை மாற்றுவதற்கும் நான் சம்மதித்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

இரைச்சல் குறைப்பைச் சோதிக்க யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏறினேன். இஞ்சின் உறுமல் காணாமல் போனது. தோட்டத்துத் தண்ணீர் இறைப்பு மிசினடியில் நின்றேன். அது யாரோ தூரத்தில் தையல் இயந்திரம் மிதிப்பதுபோல ஆனது. கோயில் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றபோது நாதஸ்வரம் வழிவிட்டு ஒதுங்கவில்லை. கடைசியாக மனைவிக்கு முன்னால் நின்றேன். மின்விசிறியின் சத்தம் அடங்கியதால் அவள் குரல் முன்னையிலும் தெளிவாகக் கேட்டது.

"சோதினை முடிஞ்சுதோ?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது. நீர் சித்தியடைஞ்சிட்டீர்."

பிறகு போன்கள். என் பழைய அன்ட்ரொயிட்டில் பாட்டு, அழைப்பு எல்லாம் சரி. ஆனால் இயர்போனுக்கு உரிய செயலி அந்தப் பழைய போனில் ஏற மறுத்தது. கனடாவிலிருந்து மகள் அனுப்பிய ஐபோனில் செயலியும் ஏறியது. புளூடூத் உள்ள பட்டன் போனிலும் பேச முடிந்தது. செயலி இல்லாவிட்டால் சத்தத்துக்குக் குறைவில்லை. காதில் தட்டினால் என்ன நடக்க வேண்டும் என்பதை மட்டும் மாற்ற முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு போன்களோடு ஒட்டாது. ஒன்றை விட்டால்தான் மற்றது.

இவ்வளவையும் எழுதினேன். "இஞ்சின், பஸ், மின்விசிறி, இறைப்பு மிசின் போன்று ஒரே சீராக இரையும் சத்தங்கள் நன்றாகக் குறையும். மனிதர் பேச்சும் மேளமும் கொஞ்சம்தான் குறையும். காதில் இறுக்கமாகப் பொருந்தும் இறப்பர் முனை போடாவிட்டால் எதுவுமே குறையாது. மூன்று அளவுகள் உள்ளன. பெட்டிக்கு சார்ஜ் ஏற ஒன்றரை மணித்தியாலம். வயர் உண்டு, சுவரில் செருகும் பிளக் இல்லை. மழையில் தோட்ட வேலைக்கு ஏற்றதல்ல." கடைசியில் தளத்தின் விதியையும் மறக்காமல் சேர்த்தேன்: "திருப்பித் தருவதானால் பொருள் வந்தபடியே, புதிதாக இருக்க வேண்டும்."

மச்சாள் வாசித்துவிட்டு, "உது விளம்பரமோ, மரண விசாரணை அறிக்கையோ?" என்றாள். ஆனாலும் போட்டாள்.

ஆட்கள் வாசித்தார்கள், சிரித்தார்கள், வாங்கினார்கள். "இவ்வளவு குறை சொன்னவர் மிச்சத்தில் பொய் சொல்ல மாட்டார்" என்று ஒருவர் கீழே எழுதியிருந்தார். மச்சாள் எனக்கு ஒரு சோடியை இலவசமாகத் தருவதாகச் சொல்லிவிட்டு அதை மறந்துபோனாள்.

பிறகு மூன்றாவது முறைப்பாடு வந்தது. சண்டிலிப்பாயிலிருந்து. "நாலு மணித்தியாலம் என்று எழுதியிருக்கிறது. இரண்டுகூட ஓடவில்லை. அதன்பின் சீவனே இல்லை." அடுத்த நாள் மத்தியானத்துக்குள் வாங்கியவராகவே முறைப்பாட்டை மீளப் பெறாவிட்டால் அது நிலைத்துவிடும். அதோடு கணக்குக்கு மங்களம்.

"நேரை போவம்," என்றேன். "கள ஆய்வு செய்யாமல் பதில் எழுதப்படாது."

மச்சாளின் ஸ்கூட்டியில் பின்னால் இருந்து போனேன். என் வயதுக்கும் பதவிக்கும் பொருத்தமில்லாத வேகம் அது. வளைவுகளிலும் அவள் அதைக் குறைக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முறைப்பாட்டுக்காரர் புகையிலைத் தோட்டக்காரர். அறுபது வயதிருக்கும், இடுப்பில் கட்டிய சாறத்தோடு வாசலுக்கு வந்தார். சண்டை பிடிக்கும் முகமில்லை. "வாங்கோ, இருங்கோ," என்றார். இருந்தேன். சோபா செற்றி எனக்குக் கீழே கறுமுறு என்று முனகியது. வாங்கும்போது சுற்றிவந்த பொலித்தீன் இன்னும் அதன்மேல் இருந்தது. ரீவி றிமோட்டுக்கும் பொலித்தீன். மின்விசிறியின் இறக்கைகளிலும் பொலித்தீன். அது சுழலும்போது நுனிகள் படபடவென்று அடித்தன. முற்றத்தில் நின்ற மோட்டார்சைக்கிளின் ஆசனம் அதற்குள் வெந்துகொண்டிருந்தது.

அவர் மனைவி தேத்தண்ணீரோடு வந்தார்.

"இவர் மெத்தைக்கும் கழட்டேல்லை ஐயா. இரவிலை ஒருக்காத் திரும்பிப் படுத்தா, பக்கத்து வீட்டு நாய் குலைக்கும்."

"மெத்தை புதுசாக் கிடக்குதோ இல்லையோ?" என்றார் தோட்டக்காரர்.

"அது கிடக்குது. நான்தான் பழசாப் போனன்."

மச்சாள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு இயர்போனைக் கேட்டாள். அவர் கோயிலிலிருந்து விபூதி கொண்டுவருவதுபோல இரண்டு கையாலும் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்ததும் அதன் சிறிய திரையில் நூறு என்று ஒளிர்ந்தது.

"எப்ப சார்ஜ் போட்டனீங்கள், அண்ணை?" என்று கேட்டேன்.

"வந்த அண்டைக்கு. அதுக்குப் பிறகு இறங்கவே இல்லை. பெட்டி நல்ல பெட்டி. உள்ளுக்கை இருக்கிறதுகள்தான் செத்துப் போச்சு."

பெட்டி நிரம்பியபடியே கிடக்கிறது, குமிழ்கள் செத்துக் கிடக்கின்றன. அப்படியானால் பெட்டியிலிருந்து குமிழ்களுக்கு எதுவும் போகவில்லை. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடியில், பெட்டியின் ஊசிகளைத் தொட வேண்டிய செப்புப் புள்ளிகளின் மேல், கண்ணாடிபோல ஒரு சின்னப் பிளாஸ்டிக் ஒட்டு. தொழிற்சாலையிலிருந்து வரும்போது குமிழ்கள் அரைகுறையாக ஏறித்தான் வரும். அந்தச் சார்ஜில், கையால் அழுத்திப் பிடித்து உயிர்ப்பித்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஓடி முடித்திருக்கிறார். மச்சாள் எனக்குத் தந்த சோடியில் அந்த ஒட்டு ஏற்கெனவே உரிக்கப்பட்டிருந்தது. என் விவரத்தில் எல்லாம் இருந்தது. இது மட்டும் இல்லை.

"உந்த ஒட்டைக் கழட்டினாச் சரி, அண்ணை."

அவர் குமிழைச் சட்டென்று வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"ஏன் கழட்டுவான்?"

"அது மறைச்சுக்கொண்டு நிக்குது. கழட்டினாத்தான் சார்ஜ் ஏறும்."

"கழட்டிப்போட்டு ஏறாட்டி? திருப்பித் தாறதெண்டா வந்தபடி புதுசா இருக்க வேணும் எண்டு நீங்கள்தானே எழுதியிருக்கிறியள். நான் வடிவா வாசிச்சனான்."

சேவையில் எத்தனையோ பேரை விதி காட்டி மடக்கியிருக்கிறேன். என் சொந்த வசனத்தால் நான் மடங்கியது அன்றுதான். அதில் ஒரு ஓட்டையும் இல்லை. நான் நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.

"அத்தான், உங்கடை சுற்றுநிருபத்துக்கு ஒரு திருத்தம் அடிக்கேலாதோ?" என்றாள் மச்சாள். குரலில் அழுகையும் சிரிப்பும் சம அளவில் இருந்தன.

"பரீட்சார்த்தமாச் செய்வம்," என்றேன். "இடது பக்கத்தை மட்டும் கழட்டுவம். வலது வந்தபடியே இருக்கட்டும். இடது ஏறாட்டி, ஒட்டு இருந்தாலென்ன இல்லாட்டியென்ன, முழுதையும் இவ திருப்பி எடுப்பா. நான் சாட்சி."

அவர் யோசித்தார். மனைவியைப் பார்த்தார்.

"கழட்டுங்கோ," என்றார் மனைவி. "இந்த வீட்டிலை ஒண்டாவது கழலட்டும்."

மச்சாள் நகத்தால் ஒட்டின் நுனியைக் கிளப்பி மெல்ல உரித்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடது குமிழைப் பெட்டிக்குள் வைத்ததும் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. வலது பக்கம் இருட்டு. நாலு பேரும் தலைகள் முட்ட அதைப் பார்த்தோம். ஒரு தேத்தண்ணீர் முடிவதற்குள் திரையில் இருந்த நூறு தொண்ணூற்றேழாக இறங்கியது. ஒரு எண் குறைந்ததற்கு யாரும் அவ்வளவு மகிழ்ந்து நான் கண்டதில்லை. மச்சாள் கைதட்டினாள்.

இடது காதில் போட்டுப் பாட்டுக் கேட்டுவிட்டு அவர் தலையை ஆட்டினார். அங்கேயே, எங்கள் கண்முன்னே, முறைப்பாட்டை மீளப் பெறும் பட்டனை அழுத்தினார். மச்சாள் தன் போனில் அது நீங்கியதைக் கண்டதும், பொலித்தீன் செற்றியில் பின்னால் சாய்ந்தாள். அது அவளுக்காகவும் ஒருமுறை முனகியது.

"இனி வலதைத் தாங்கோ, அதையும் உரிச்சு விடுறன்," என்றாள்.

"அது வேண்டாம் பிள்ளை. ஒரு காது காணும்."

"ஏன் அண்ணை? இரைச்சல் குறையிறதுக்கு ரெண்டும் போட வேணுமே."

"மிசின் இறைக்கேக்கை சத்தம் கேக்க வேணும். கேக்காட்டி, தண்ணி நிண்டது எப்பிடித் தெரியும்? மிசின் எரிஞ்சு போடும்."

"அப்ப இரைச்சல் குறைக்கிறதெண்டு ஏன் வாங்கினனீங்கள்?" என்று கேட்டேன்.

"நீங்கள் எழுதின விதத்தைப் பாத்துத்தான் ஐயா. வாங்காமல் விட மனம் வரேல்லை."

திரும்பி வரும் வழியில் அளவெட்டிப் பக்கம் மச்சாளின் போன் மணியடித்தது. ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திப் பார்த்தாள். அவர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். கீழே எழுதியிருந்ததை அவள் உரத்து வாசிக்கத் தொடங்கினாள். முடிக்க முடியாமல் போனை என்னிடம் நீட்டிவிட்டு ஹான்டிலில் தலையை வைத்துச் சிரித்தாள். நான் வாசித்தேன்:

"விவரத்தில் உள்ளபடி பொருள் சரி. ஒன்று நன்றாக வேலை செய்கிறது. மற்றது இன்னும் புதிதாக இருக்கிறது."