நான் சொல்லாமல் வைத்திருந்த கமா

நாற்பத்தாறு வயதில் எனக்கு மறுபடி ஒரு வேலை கிடைத்தது. அதற்கு முன் இருபது வருஷம் தீப்பெட்டி ஆபீசில் பண்டல் அனுப்பும் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அது மூடிய பிறகு, பிளஸ் டூ படிப்பை வைத்துக்கொண்டு, போனில் இலவச வீடியோ பார்த்து இணையப் பக்கம் எழுதப் பழகினேன். கோவில்பட்டி ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் மாடியில் ஒரு சின்ன ஆபீஸ். அதை நடத்தியவருக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. "மூணு மாசம் பாப்போம் அண்ணாச்சி" என்று சேர்த்துக்கொண்டார். அந்த மூன்று மாதம் தாண்டினால்தான் வேலை நிலைக்கும்.

இரண்டாம் மாதம் எனக்கென்று தனியாக ஒரு வேலை தந்தார். நிலத் தரகர் ஒருவருக்கு விற்பனைப் பக்கம். ஒவ்வொரு நிலத்துக்கும் படம், ஏக்கர், விலை. விலை உள்ளே வெறும் இலக்கமாக 1850000 என்று இருக்கும். திரையில் கமாவோடு காட்ட வேண்டும். அதற்கு toLocaleString என்ற கட்டளையை எழுதி, பின்னால் வெற்று அடைப்புக்குறி போட்டேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் 18,50,000 என்று அழகாக வந்தது. முதலாளி பார்த்துவிட்டு இணையத்தில் ஏற்றினார். ஏற்றுகிற கடவுச்சொல் அவரிடம் மட்டும்தான் இருந்தது.

புதன்கிழமை காலை, வீட்டில் மனைவியின் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பெருமையாகக் காட்டினேன். 1,850,000 என்று இருந்தது. போன் கோளாறு என்று முதலில் நினைத்தேன். ஆபீஸ் போய்த் தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது. அடைப்புக்குறிக்குள் எந்த நாட்டு முறை என்று சொல்லாவிட்டால், பார்க்கிறவரின் கருவி தன் மொழி அமைப்பின்படி கமா போட்டுக்கொள்ளும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இந்திய ஆங்கிலம். மனைவியின் போனில் அமெரிக்க ஆங்கிலம். போனில் தமிழ் வைத்திருப்பவருக்குச் சரியாகவே தெரியும்.

திருத்தம் பெரிதில்லை. Intl.NumberFormat என்பதற்கு en-IN, அதாவது இந்திய முறை, என்று சொல்லி, ரூபாய் என்றும் பைசா வேண்டாம் என்றும் குறித்தேன். மொழி அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ₹18,50,000. கோப்பைச் சேமித்தேன். முதலாளியிடம் போய், "தப்பாப் போட்டுட்டேன், இதை ஏத்துங்க" என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

சொல்லவில்லை. எழுந்தபோதெல்லாம் அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்தபோது என்னால் எழுந்திருக்க முடியவில்லை. தப்பு செய்தவனை எதற்கு வைத்துக்கொள்வார் என்று தோன்றியது. வியாழன் போனது. வெள்ளியும் போனது.

சனிக்கிழமை தரகர் படியேறி வந்தார். கூடவே எப்போதும்வென்றான் ஊர்ப் பெரியவர் ஒருவர், அந்த விலை போட்டிருந்த மூன்று ஏக்கர் கரிசல் நிலத்துக்குச் சொந்தக்காரர். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. முதலாளியிடம் போனை நீட்டினார்.

"எங்கப்பன் உழுத காடு தம்பி. ஒரு லட்சத்து எண்பத்தஞ்சுக்கா விக்கீங்க?"

"பதினெட்டரை லட்சம்தான்யா போட்டிருக்கு. பூச்சியத்தை எண்ணிப் பாருங்க" என்றார் முதலாளி.

"பூச்சியத்தை எவம்லே எண்ணுதான்? ஒண்ணு, கமா, எண்பத்தஞ்சு. ஊர்ல எல்லாவனும் அப்படித்தான் வாசிக்கான். 'என்ன மாமா, கடன் முத்திப் போச்சா, ராத்திரியோட ராத்திரியா கிளம்பப் போறீகளா'ன்னு டீக்கடையில கேக்கான். இருபது பேரு போன் போட்டுட்டான்."

தரகர் முதலாளியைப் பார்த்தார். "இவிய கேக்கறதுல என்ன தப்பு? என் பேருல்லா போகுது."

முதலாளி என் கம்ப்யூட்டர் முன் வந்து உட்கார்ந்தார். கோப்பைத் திறந்து, திருத்தியிருந்த வரியையும் தேதியையும் பார்த்தார். பிறகு அதை அப்படியே ஏற்றினார். பெரியவரின் போனில் பக்கத்தைப் புதுப்பித்துக் கொடுத்தார்.

பெரியவர் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தார். "பதினெட்டு லட்சத்து அம்பதாயிரம். இப்பம் சரியா இருக்கு." போனைச் சட்டைப் பையில் போட்டார். "எடுத்துரு தம்பி. எங்க காட்டை இனி இதுல போட வேண்டாம்."

அவர் இறங்கிப் போனார். தரகர் வாசலில் நின்று, தன்னுடைய மற்ற நிலங்களையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனார்.

முதலாளி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம்.

"கோப்புல புதன்கிழமைன்னு இருக்கு. அன்னைக்கே திருத்திட்டீங்களா அண்ணாச்சி?"

"ஆமா."

"அன்னைக்கே சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷ வேலை. ஏன் சொல்லல?"

நான் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியாததைச் சொல்லிக் குடுத்துருவேன். நீங்க வாயைத் திறக்கலைன்னா நான் என்ன செய்யட்டும்? திங்கக்கிழமை வர வேண்டாம்."

அன்றுவரைக்குமான சம்பளத்தை எண்ணித் தந்தார். ஒரு பைசா குறைக்கவில்லை.

அதே தெருவில் இன்னும் இரண்டு ஆபீஸ் இருக்கிறது. ஆள் வேண்டும் என்று ஒன்றின் வாசலில் தாள் ஒட்டியிருக்கிறார்கள். அந்த வழியாக நாலைந்து தடவை நடந்துவிட்டேன். உள்ளே போனால், முன்பு எங்கே இருந்தீர்கள், ஏன் விட்டீர்கள் என்று கேட்பார்கள்.